நூற்றுக்கு இரண்டு ரூபாய்

(கன்னங்குறிச்சியில் இயங்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் 15-ஆம் ஆண்டு விழாவில், அக்குழுவின் கணக்கை எழுதி வருபவர் வாசித்த கவிதை)

சேர்வராயன் மலை நிமிர்ந்து பார்த்திருக்க,
மூக்கனேரி நீர் விரிந்து பார்த்திருக்க,
பந்தலுக்குள் வந்தமர்ந்த உறவுகளே, ஊர்ப் பெரியோரே,
வங்கியிலிருந்து வந்திருக்கும் மேலாளர் அவர்களே,
அண்டையூர்க் குழுக்களின் அக்கா தங்கையரே,
நாற்காலி கிடைக்காமல் பந்தற்காலைப் பிடித்தபடி
பின்வரிசையில் நிற்கின்ற எங்கள் வீட்டு ஆண்களே,
அனைவருக்கும் குழுவின் சார்பில் வணக்கம்.
விழாவில் வாசிக்கும் கவிதை என்றால்
நிலவைப் பாடுக, நதியைப் பாடுக என்பார்கள்.
நான் நாளும் புரட்டுவது சேமிப்புப் பேரேடு;
ஆகவே அதையே பாட வந்திருக்கிறேன்.

2010-ஆம் ஆண்டு தை மாதத்தில்,
வியாழக்கிழமை ஒன்றின் சாயுங்காலத்தில்,
மாரியம்மன் கோயில் திண்ணையில் 15 பேர் கூடினோம்.
வாரம் 50 என்றார் வசதியுள்ள அக்கா ஒருவர்;
பத்துக்கே வழியில்லை என்றாள் பக்கத்தில் இருந்தவள்;
பேசிப் பேசி விளக்கு வைக்கும் நேரத்தில்
தலைக்கு 25 ரூபாய் என்று தீர்மானம் எழுதினோம்.
"அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் ஆகாதா,
இதற்கென்ன கூட்டம், இதற்கென்ன கையெழுத்து?"
என்று கேட்டார் எங்களுள் மூத்த பெரியம்மா.
"பானைக்குள் இருக்கும் பணத்தைப் பசியும் மோப்பம் பிடிக்கும்,
வீட்டுக்காரரும் மோப்பம் பிடிப்பார், பெரியம்மா;
வங்கிக்குள் இருந்தால் இருவருக்கும் எட்டாது"
என்று பதில் சொன்னாள் எதிர்வீட்டுக்காரி.
அந்தப் பதிலுக்குத் தீர்மான எண் கொடுக்கவில்லை;
கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்றும் என் எண்ணம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியன்று.
பக்கத்துத் தருமபுரியில் 1989-ஆம் ஆண்டு,
பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு
தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய முயற்சி
சேலத்துக்கும் வந்து, பின்னர் மாநிலம் எங்கும் பரவியது;
நிலப் பத்திரமும் நகைப் பெட்டியும் இல்லாத பெண்ணுக்குக்
குழுவின் கணக்கேட்டை நம்பி வங்கி கடன் தரலாம் என்று
1992-இல் நபார்டு திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான்
நாங்களும் உள்ளே நுழைந்தோம்.
தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தங்களுக்குள் கடன்,
தவணை பிசகாத திருப்பம், தெளிவான கணக்கு என்ற
பஞ்ச சூத்திரத்தைப் பயிற்சியில் ஒப்பித்தோம்;
ஒப்பித்தது எளிது.

வாரத்துக்கு 375 ரூபாய் சேர்ந்தது.
எட்டாம் வாரம் இருப்பு 3,000 ஆனபோது
முதல் விண்ணப்பம் வந்தது.
தறிப்பட்டறையில் கூலிக்குப் போகும் தங்கை ஒருத்தி,
மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 வேண்டும் என்று
தலை நிமிராமல் கேட்டாள்.
வெளியில் வாங்கினால் நூற்றுக்குப் பத்து;
மாதம் பிறந்தால் 300 ரூபாய் வட்டி மட்டும் போகும்,
போன வட்டி போனதுதான், அசல் அப்படியே நிற்கும்.
குழுவில் நாங்கள் வைத்த வட்டி நூற்றுக்கு இரண்டு;
மாதம் 60 ரூபாய், அசல் குறையக் குறைய அதுவும் குறையும்.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும்,
ஏனெனில் எங்கள் குழுவின் கதை முழுவதும்
இந்த 60 ரூபாய்க்குள் இருக்கிறது.
அவள் கட்டிய அந்த வட்டி எந்த வீட்டுப் பெட்டிக்கும் போகவில்லை;
பொது நிதியில் விழுந்தது; பொது நிதி 15 பேருடையது;
60-ஐப் 15 ஆகப் பங்கிட்டால் தலைக்கு 4 ரூபாய்;
வட்டி கட்டிய அவளுக்கும் அதில் 4 ரூபாய் உண்டு.
இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது
"அப்படியானால் எனக்குக் கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தியா?"
என்று அவள் கேட்டாள். அன்று நிமிர்ந்த தலை அது.
அடுத்த வாரமே மூன்று விண்ணப்பங்கள் வந்து விழுந்தன;
கொடுக்கத்தான் குழுவிடம் பணம் இல்லை.

மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலைத்
தொட்டியில் விட்டுத் தொடாமல் காத்திருந்தால்
நீர் மேலே தெளிய, மாவு அடியில் தங்கி இறுகும் என்பது
சேகோ ஆலை வேலைக்குப் போய்வரும் பெண்கள் அறிந்தது;
எங்கள் சேமிப்பும் அவ்வாறே, கலக்காமல் விட்ட வாரங்களில்
அடியில் தங்கி இறுகியது.
ஆறு மாதம் கழித்துத் தரம் பார்க்க வந்த அதிகாரி
பேரேட்டைப் புரட்டினார்; தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார்;
அடித்தல் திருத்தல் எங்கே என்று தேடினார்;
நான் அடித்த இடங்களிலெல்லாம் 15 பேரும்
கையெழுத்திட்டிருப்பதைக் கண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
வங்கிக் கடன் அந்தக் கையெழுத்துகளுக்குக் கிடைத்தது.

இனி, கடன் தொழிலான கதையைச் சொல்கிறேன்.
ஜவ்வரிசி வடாம் போடும் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன்,
பந்தலில் உங்கள் இலையில் பொரிந்திருந்தது அவருடையது.
இரவே ஜவ்வரிசியை ஊற வைத்து,
கோழி கூவுமுன் அடுப்பில் ஏற்றி,
வெள்ளை மணி கண்ணாடியாய் மாறும் பதம் பார்த்து,
பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுதைச் சேர்த்து,
சீரகம் தூவி, எலுமிச்சை பிழிந்து இறக்கி,
வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் விரித்த வேட்டியில்
கரண்டி கரண்டியாய் அவர் ஊற்றி முடிப்பார்.
மாலையில் துணியின் பின்புறம் நீர் தெளித்து
ஒவ்வொன்றாய் உரித்தெடுத்து, மறுநாளும் காய வைத்து,
உடைத்தால் சட்டென்று ஒலி கேட்டால்தான் உறையில் போடுவார்.
முதல் ஆண்டு நல்ல லாபம் என்று மகிழ்ந்தார்;
ஜவ்வரிசி விலை, எரிவாயு விலை, உறை விலை எல்லாம் எழுதினார்;
கோழி கூவுமுன் எழுந்தவரின் கூலியை எழுதவில்லை.
அதை எழுதச் சொல்லிக் கூட்டத்தில் சண்டையே நடந்தது;
எழுதிய பிறகு லாபம் பாதியாய்க் குறைந்தது;
குறைந்த பிறகுதான் விலையை உயர்த்தத் துணிந்தார்.
இன்று உணவுப் பாதுகாப்புப் பதிவெண் அச்சிட்ட உறைகளில்
லீ பஜார் மளிகைக் கடைகளுக்கு அவர் வடாம் போகிறது.

தட்டுவடை செட்டைப் பாடாமல் சேலத்தில் கவிதை ஏது?
அஸ்தம்பட்டி செல்லும் சாலையோரம், மாலை வேளையில்,
தள்ளுவண்டியில் நிற்கும் எங்கள் தங்கையைப் பாருங்கள்:
உள்ளங்கை அகலத் தட்டுவடை ஒன்றை இட்டு,
சிவப்புச் சட்னி ஒரு பக்கம், பச்சைச் சட்னி மறுபக்கம் தடவி,
துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் குவித்து,
இன்னொன்றால் மூடி அவள் நீட்டும் வேகத்தில்
கல்லூரிப் பிள்ளைகள் கைகட்டி வரிசையில் நிற்பார்கள்.
அந்த வண்டி வாடகைக்கு ஓடியது ஒரு காலம்;
குழுக்கடனில் சொந்தமான நாளில் அதற்குப் பூசை போட்டோம்,
முதல் செட்டைக் காசு கொடுத்தே வாங்கினோம்,
கடன் சொல்லித் தின்ன எவருக்கும் அனுமதி இல்லை.

கொலுசுக்குக் கண்ணி கோக்கும் அண்ணி ஒருவர் இருக்கிறார்.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளி எடை போட்டு வரும்;
வேலை முடித்தால் எடை போட்டுத் திரும்பும்;
குறைந்த எடைக்குக் கூலியில் பிடித்தம் உண்டு,
பிடித்தது சரியா என்று கேட்க அவரிடம் அளவு இல்லை.
கடன் வாங்கி அவர் முதலில் வெள்ளி வாங்கவில்லை;
தராசு வாங்கினார்.
அதன்பின் பிடித்தம் குறைந்த விதத்தை
இங்கே விரித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

மலைக்கிராமத்திலிருந்து மணமாகி வந்த அக்காவின் பிறந்த வீட்டில்
நிழல் மரங்களின் கீழே காபி, மரங்களின் மேலே மிளகுக் கொடி.
சரம் பிடிக்கும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுவார்;
முன்பணம் வாங்கிய கை விலை பேச முடியாது.
ஓராண்டு அந்த முன்பணத்தைக் குழு கொடுத்தது;
பறித்த மிளகை அவசரமின்றிக் காய வைத்து,
கறுத்துச் சுருங்கி, கையில் அள்ளினால் கலகலக்கும்வரை பொறுத்து,
20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து
மூட்டையைக் கீழே கொண்டுவந்தார், கடை கடையாய் விலை கேட்டார்.
மலைக்கு மேல் அவர் அண்ணனுக்கு இன்று நாமே வங்கி;
ஆனால் உறுப்பினர் அக்காதான், கையெழுத்தும் அக்காவுடையதுதான்.

எல்லாம் வென்றது என்று சொன்னால் பேரேடு ஒப்பாது.
சிப்பிக் காளான் வளர்க்கக் குடில் போட்ட தங்கைக்கு
மார்கழியும் தையும் கைகொடுத்தன, சித்திரை கைவிட்டது;
சேலத்து வெயிலில் ஈரச் சாக்குகள் காய்ந்தன,
படுக்கைகள் அழுகின, முதலும் போனது.
வெளியில் வாங்கிய கடனாய் இருந்திருந்தால்
வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பார், தெருவே கேட்கப் பேசியிருப்பார்;
நாங்களும் அவள் வாசலுக்குப் போனோம்,
தவணையை நீட்டித் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்,
வட்டியைத் தள்ளவில்லை, அசலையும் தள்ளவில்லை.
தள்ளியிருந்தால் அது மற்ற 14 பேரின் பணம்;
அவளும் தள்ளச் சொல்லிக் கேட்கவில்லை.
தையல் எந்திரத்துக்கு மாறி, 2020-இல் ஊரடங்கின்போது
முகக்கவசம் தைத்துக் கொடுத்து, கடைசித் தவணையைக் கட்டினாள்;
கட்டிய ரசீதை இன்னும் எந்திரத்தின் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

கறவை மாடு வாங்கியவரும் மாங்காய் ஊறுகாய் போடுபவரும்
தங்களைப் பாடவில்லை என்று முறைக்கிறார்கள்;
ஊறுகாய் அக்கா, அடுத்த ஆண்டு உங்களிலிருந்து தொடங்குகிறேன்,
அதற்குள் ஆடி மாதத்துத் தவணையைக் கட்டிவிடுங்கள்.

மாமியார் அமர்ந்த இடத்தில் இன்று மருமகள் அமர்ந்திருக்கிறாள்,
பட்டம் படித்தவள், கணக்கில் என்னைத் திருத்துபவள்.
ஏற்காட்டுக் காபிக் கொட்டையை இங்கேயே வறுத்து அரைத்து
மலையேறும் பயணிகளுக்கு விற்கலாம் என்று
அரவை எந்திரத்துக்கு 40,000 ரூபாய் கேட்டு எழுதியிருக்கிறாள்.
விண்ணப்பம் என் மடியில் இருக்கிறது;
விலைப்புள்ளி இரண்டுதான் வைத்திருக்கிறாள், மூன்றாவது வேண்டும்;
மின் இணைப்பு தாங்குமா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்;
மலையிலிருந்து கொட்டை தருவதாக அக்காவின் அண்ணன்
வாயால் சொன்னது போதாது, எழுதித் தர வேண்டும்.
அவளது கூலியைச் செலவில் எழுதியிருக்கிறாள், பார்த்துவிட்டேன்.
மேலாளர் அவர்கள் காபி அருந்தட்டும்;
உறுப்பினர்கள் மட்டும் மேடைக்கு அருகில் வாருங்கள்;
வட்டி அதே நூற்றுக்கு இரண்டு, தவணை 20 மாதம்;
ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.