தேவையின் விலை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக

விலை மாறும்போது தேவை எந்த அளவுக்கு மாறுகிறது என்பதே தேவையின் விலை நெகிழ்ச்சி. இக்கருத்தை வளர்த்தவர் ஆல்பிரட் மார்ஷல்.

Ep = தேவையின் சதவீத மாற்றம் ÷ விலையின் சதவீத மாற்றம் (குறைக்குறி விடப்படும்)

மிகை நெகிழ்ச்சி (Ep > 1): சேலம் கடை ஒன்றில் மல்கோவா கிலோ 100 ரூபாயிலிருந்து 120 ஆகிறது, விற்பனை 50 கிலோவிலிருந்து 30 ஆகிறது எனக் கொள்வோம். விலை 20% ஏற, தேவை 40% குறைகிறது. Ep = 2. இமாம் பசந்த், பெங்களூரா போன்ற மாற்றுகள் பக்கத்திலேயே கிடைப்பதுதான் காரணம். கடைக்காரரின் வருவாயும் 5,000 ரூபாயிலிருந்து 3,600 ஆகச் சரிகிறது. விலையை ஏற்றினால் வருமானம் கூடும் என்பது எப்போதும் சரியல்ல.

குறை நெகிழ்ச்சி (Ep < 1): உப்பு. விலை 25% ஏறினாலும் வாங்குவது 5% தான் குறைந்தால் Ep = 0.2. இங்கே வருவாய் கூடும்.

அலகு நெகிழ்ச்சி (Ep = 1): இரு மாற்றங்களும் சமம்; மொத்தச் செலவு மாறாது. தேவை வளைகோடு செவ்வக அதிபரவளையம்.

மற்ற இரண்டும் எல்லை நிலைகள். முழு நெகிழ்ச்சியற்ற தேவையில் (Ep = 0) கோடு செங்குத்து; இன்சுலின் இதற்கு நெருங்கிய உதாரணம். முழு நெகிழ்ச்சியில் (Ep = ∞) கோடு கிடைமட்டம். சேர்வராயன் மலையின் சிறு காப்பி விவசாயி சந்தை விலைக்கு மேல் கேட்டால் வியாபாரி அடுத்தவரிடம் போய்விடுவார். அந்த விவசாயி தனியாகச் சந்திக்கும் தேவை ஏறக்குறைய இப்படிப்பட்டது. அதற்காகக் காப்பியின் மொத்தத் தேவையும் அப்படி என்று கொள்ளக் கூடாது.