ஆய்வக உதவியாளர் பணி விண்ணப்பம்: நேர்காணலுக்குப் பிந்தைய நிலை அறிய

மார்த்தாண்டம்
2.7.2025

பெறுநர்: மனிதவள அலுவலர், குலசேகரம் லேடெக்ஸ் ஆலை
நகல்: திரு. செல்வின், உற்பத்திப் பிரிவு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வக உதவியாளர் பணிக்கு, உற்பத்திப் பிரிவில் பணிபுரியும் திரு. செல்வின் அவர்களின் பரிந்துரையின் பேரில் 26.5.2025 அன்று விண்ணப்பித்து, ஜூன் 12ஆம் தேதி நேர்காணலில் கலந்துகொண்டேன். இரண்டு வாரங்களில் முடிவு தெரிவிக்கப்படும் என்று அன்று கூறப்பட்டதால், விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை அறிய விரும்பி இதை எழுதுகிறேன்.

நேர்காணலில் ஆய்வகப் பொறுப்பாளர், லேடெக்ஸின் வி.எஃப்.ஏ. எண்ணை நானே கண்டறிந்திருக்கிறேனா என்று கேட்டபோது, பிறர் செய்யப் பார்த்திருக்கிறேன் என்றே சொல்ல முடிந்தது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அதன்பின் அனுமதி பெற்று, மார்க்ஹாம் கருவியில் நீராவி வடிப்பு முதல் டைட்ரேஷன் வரை மேற்பார்வையாளர் முன்னிலையில் நானே செய்து பழகிவருகிறேன். டி.ஆர்.சி. சோதனையில், உறைந்த தகட்டை வெள்ளைத் திட்டுகள் மறையும்வரை 70 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து எடையிடுவது என் அன்றாட வேலை என்பதை முன்பே தெரிவித்திருந்தேன். அன்று கேட்ட பி.எஸ்சி. வேதியியல் பட்டச் சான்றிதழ், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டது. அதன் நகலை இணைத்துள்ளேன்.

மற்றொரு நிறுவனம் எனக்குப் பணி வாய்ப்பளித்து, ஜூலை 11க்குள் பதில் கேட்டிருக்கிறது. இதை அவசரப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை; தங்கள் ஆலையில் சேரவே விரும்புகிறேன் என்பதால், அதற்கு முன் தங்கள் முடிவையோ, முடிவாகக்கூடிய தேதியையோ தெரிவித்தால் உதவியாக இருக்கும். தேர்வானால், தற்போதைய பணியில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுச் சேர இயலும்.

இப்படிக்கு,
ஜெ. சுபிதா

(செல்வின் அவர்களுக்குத் தனியாக)

அன்புள்ள செல்வின் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். மனிதவள அலுவலருக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல் உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் பெயரைச் சொல்லி விண்ணப்பித்திருப்பதால், வேறொரு வாய்ப்பு வந்திருப்பதை ஆலையில் பிறர் சொல்லி நீங்கள் அறிய நேர்வது முறையாகாது என்று கருதியே நகலில் உங்களைச் சேர்த்தேன்.

முடிவு குறித்து எனக்காக அலுவலகத்தில் நீங்கள் விசாரிக்க வேண்டாம் அண்ணா. பரிந்துரைத்தவரே மறுபடியும் போய்க் கேட்டால் அது நெருக்குதலாகத் தோன்றிவிடும். நீங்கள் தினமும் முகம் பார்த்து வேலை செய்யும் இடம் அது. அவர்களாகவே என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், கல்லூரியில் நீங்கள் நேரில் கண்டதைச் சொன்னால் போதும். வி.எஃப்.ஏ. சோதனையை இப்போதுதான் பழகுகிறேன் என்பதையும் அப்படியே சொல்லலாம்.

அவர்களிடமிருந்து பதில் வந்த அன்றே உங்களை அழைத்துச் சொல்கிறேன். ஜூலை 11 வரை பதில் வராமல் மற்ற இடத்துக்குச் சம்மதிக்க நேர்ந்தால், அதற்கு முன்பாக உங்களிடம் பேசிவிட்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக அலுவலருக்கும் எழுதிவிடுவேன்.

அன்புடன்,
சுபிதா