கோர்வை பார்டர், சுங்குடி, கண்டாங்கி: தொடர் டிசைனுக்கு நான் எழுதிய ப்ராம்ப்ட்கள்

ஆடி மாதத்துக்கு எடுத்த பருத்திச் சேலை ஆர்டருக்கு எழுதியவை. படம் வரையும் செயலியில் அப்படியே ஒட்டலாம்.

முதல் ப்ராம்ப்ட்: பார்டர்

அச்சுச் சேலைக்கு ஒரு பார்டர் டிசைன் வேண்டும். இடமிருந்து வலமாக மட்டும் தொடர வேண்டும், மேலும் கீழும் தொடர வேண்டியதில்லை. படத்தின் அளவு 2400 x 1800 பிக்சல், அதாவது 300 டிபிஐயில் 8 அங்குல நீளம், 6 அங்குல உயரம். இந்த 8 அங்குலம்தான் ஐந்தரை மீட்டர் சேலையில் ஏறக்குறைய 27 தடவை வரும், அதனால் ஒரு இடத்தில் கோடு தப்பினால் 27 இடத்தில் தப்பியது போலத் தெரியும். இடது ஓரத்தில் வெட்டுப்படும் எந்தக் கோடும் அதே உயரத்தில், அதே தடிமனில், அதே நிறத்தில் வலது ஓரத்தில் போய் முடிய வேண்டும்.

கீழிருந்து மேலே அடுக்கு இப்படி. அடியில் அரை அங்குலம் வெறும் அரக்கு, அதுதான் சேலையின் ஓரம், அதில் ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் அரை அங்குலத்தில் ருத்திராட்ச வரிசை, ஒரு மணி அரை அங்குலம், சரியாக 16 மணிகள், பதினாறரையோ பதினேழோ இல்லை. அடுத்து இரண்டேகால் அங்குலப் பட்டையில் நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் அங்குலம். வட்டங்களுக்கு நடுவே கால் அங்குலம் இடைவெளி, இரண்டு ஓரங்களிலும் அதில் பாதி, அப்போதுதான் ஒட்டும்போது அங்கேயும் கால் அங்குலம் கிடைக்கும். வட்டத்துக்குள் மாற்றி மாற்றி யாளியும் அன்னமும், யாளியில் ஆரம்பித்து அன்னத்தில் முடிய வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், கால்கள் அடி ஓரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், ஏனென்றால் கட்டும்போது இந்த ஓரம்தான் தரையைப் பார்க்கும்.

பிறகு கால் அங்குலத்தில் வைர ஊசிக் கோடுகள், மெல்லியதாக, நெருக்கமாக. மறுபடி ஒரு ருத்திராட்ச வரிசை, கீழே இருப்பதற்கு நேர் மேலே, மணிக்கு மணி பொருந்த. கடைசியாகக் கோபுரம்: ஒன்றரை அங்குல உயரத்தில் எட்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றின் அடியும் ஒரு அங்குலம், படத்தின் இரண்டு ஓரமும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழ வேண்டும், கோபுரத்தின் உச்சியில் விழக் கூடாது. உச்சிக்கு மேல் மிச்சமிருக்கும் அரை அங்குலம் உடலின் மாம்பழ மஞ்சள்.

கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, கோபுரத்தின் சரிவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் அந்தச் சரிவு வழவழவென்று இறங்காது, சின்னச் சின்னப் படியாக இறங்கும். அந்தப் படிகள் வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் அன்னத்தின் கழுத்தும் அப்படியே, கிராஃப் தாளில் கட்டம் நிரப்பியது போல வளைய வேண்டும், தூரிகையால் இழுத்தது போல இல்லை.

நிறம் மூன்றே மூன்று: அரக்கு `#7A1F2B`, மாம்பழ மஞ்சள் `#E3A21A`, சரிகைக்கு `#C8A951`. சரிகை மினுங்க வேண்டாம். வெளிச்சம் பட்டது போல வெள்ளைக் கீற்று, நிழல், நிறம் கரைந்து இன்னொரு நிறமாவது, இது எதுவும் இருந்தால் ஸ்கிரீன் பிரிக்க முடியாது. துணியின் இழை, மடிப்பு, சுருக்கம் வரைய வேண்டாம். இது அச்சுத் துணி, பட்டு என்று சொல்லி விற்கப் போவதில்லை, அச்சாகவே தெரியட்டும். எழுத்து, சட்டம், பொம்மைக்குக் கட்டிய சேலை, இதெல்லாம் வேண்டாம், தட்டையான டிசைன் மட்டும்.

(மிட்ஜர்னியில் ஒட்டினால் இதன் கடைசியில் `--tile` சேர்க்காதீர்கள், அது மேலும் கீழும் சேர்த்து ஒட்டப் பார்க்கும், அரக்கு ஓரத்தை மஞ்சளோடு இணைத்துவிடும். எனக்கு இரண்டு நாள் இதில்தான் போனது.)

இரண்டாவது: உடலுக்குச் சுங்குடி

மதுரைச் சுங்குடியின் புள்ளி முடிச்சை வைத்து, நான்கு பக்கமும் தொடரும் டிசைன், 3600 x 3600 பிக்சல், 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். தரை கத்திரிப்பூ நிறம் `#4B1F4F`, புள்ளிகள் வெள்ளை, நடுப்பூவுக்கு மட்டும் சிவப்பு `#B3202A`.

ஒரு புள்ளியை அருகில் வைத்துப் பார்த்தால் அது நிறைந்த வட்டம் இல்லை. நூல் சுற்றிக் கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், முடிச்சின் நுனியில் சாயம் புகுந்து நடுவில் ஒரு பொட்டு இருக்கும், ஓரம் கொஞ்சம் சதுரமாகக் கோணியிருக்கும். அப்படித்தான் வேண்டும். ஒரே புள்ளியை நகலெடுத்து ஒட்டினால் உயிர் போய்விடும், அளவு மூன்று மில்லிமீட்டரிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கட்டும்.

புள்ளிகள் சேர்ந்து கோலப் பூவாக வேண்டும்: நடுவில் ஒன்று சிவப்பு, சுற்றிலும் 8, அதைச் சுற்றி 16, அதைச் சுற்றி 24. ஆறு அங்குல அகலத்தில் இரண்டு நெடுவரிசை. இடது வரிசையின் பூ நடு உயரத்தில் நிற்க, வலது வரிசையின் பூ ஆறு அங்குலம் கீழே இறங்கி அடி ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட வேண்டும், அதன் மறு பாதி மேல் ஓரத்தில், அதே இடத்தில் தொடங்க வேண்டும். இப்படி இறக்கி வைக்காவிட்டால் பூக்கள் பட்டாள வரிசை போல நேராக நின்றுவிடும், மடிப்பு வைத்துக் கட்டும்போது அது கண்ணை உறுத்தும். பூக்களுக்கு நடுவே தனிப் புள்ளிகள், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், எங்கேயும் சந்து விட்டது போல நீளமான வெற்றுக் கோடு தெரியாமல்.

```
--tile --ar 1:1 --no text, watermark, shadow, gradient
```

மூன்றாவது: கண்டாங்கிக் கட்டம்

1200 x 1200 பிக்சல், 4 அங்குலம். தரை கடுகு மஞ்சள் `#C98A1B`, அதில் அரக்குக் கோடு நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம். இரண்டு கோட்டுக்கு நடுவே ஒன்றேகால் அங்குலம், ஓரங்களில் அதில் பாதி, எந்தக் கோடும் விளிம்பில் விழாது. கோடும் கோடும் வெட்டும் இடத்தில் இன்னும் அடர்ந்த அரக்கு `#54131C`. வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம், கட்டத்தின் அழகே அதன் பருமன்தான்.

நான்காவது: ஒட்டிய இடத்தில் கோடு தெரிந்தால்

இத்துடன் இருக்கும் சுங்குடிப் படத்தை கிம்ப்பில் `Layer > Transform > Offset` வழியாக அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தியிருக்கிறேன், அதனால் பழைய ஓரங்கள் இப்போது நடுவில் சிலுவை போலத் தெரிகின்றன. அந்தச் சிலுவையைச் சுற்றி இரண்டு பக்கமும் 60 பிக்சல் வரை மட்டும் திருத்த வேண்டும். அரைகுறையாக நிற்கும் புள்ளிகளை முழுதாக்கியும், ஒன்றன் மேல் ஒன்று ஏறியவற்றை விலக்கியும், தரை நிறத்தை `#4B1F4F` ஆகவே வைத்தும் தர வேண்டும். வெட்டுப்பட்டு இப்போது நடுவில் சேர்ந்திருக்கும் பூவில் புள்ளிக் கணக்கு 1, 8, 16, 24 என்று இருக்க வேண்டும், போன தடவை வெளி வளையத்தில் 23தான் வந்தது. படத்தின் புதிய நான்கு ஓரங்களில் ஒரு பிக்சல்கூட மாறக் கூடாது, அவை ஏற்கெனவே பொருந்தியிருக்கின்றன.