வன்னியில் சலுகை அரிசி விநியோகமும் பயனாளி தெரிவின் பிழைகளும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பசியைக் குறைக்கும் நோக்குடன் வழங்கப்படும் அரிசி யாருக்குச் சேர்கிறது, யாருக்குச் சேராமற் போகிறது என்பதை இவ்வத்தியாயம் ஆராய்கிறது. பயனாளி தெரிவில் இரண்டு பிழைகள் நேரலாம்: தேவையில்லாத குடும்பம் பட்டியலில் இடம்பெறுவது ஒன்று, பசித்த குடும்பம் விடுபடுவது மற்றொன்று. நிதி நெருக்கடியில் உள்ள அரசுகள் முதலாவதையே பெரும் குறையாகக் காண்கின்றன. வன்னியைப் பொறுத்தவரை இரண்டாவதே கூடுதலான தீங்கைச் செய்கிறது என்பது எமது மதிப்பீடு.

இலங்கையில் 1942 இல் தொடங்கிய பங்கீட்டு அரிசி நீண்டகாலம் எல்லோருக்கும் உரியதாக இருந்தது. 1978 இல் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கெனச் சுருக்கப்பட்டு, 1979 இல் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி விலைவாசியோடு சேர்ந்து உயரவில்லை. ஆகவே பட்டியலில் இருந்தவர்களின் உலையிலும் அரிசி குறைந்தது. அதன்பின் வறிய குடும்பங்களுக்கான உதவித் திட்டங்களாக 1995 இல் சமுர்த்தியும், 2023 இல் அஸ்வெசுமவும் வந்தன. அஸ்வெசும கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றை 22 குறிகாட்டிகளால் அளந்து, குடும்பங்களைத் தரப்படுத்துகிறது.

வருமானத்தை நேரடியாக அறிய முடியாத கிராமத்தில் சொத்தைப் பார்ப்பது நியாயமான வழிதான். ஆனால் பல ஆண்டுகளாகச் சம்பாதித்துச் சேர்த்த சொத்தே அவ்வழியால் சரியாக அளக்கப்படும். 2009 இன் பின் மீள்குடியேறிய வன்னிக் குடும்பத்தின் கல்வீடு பெரும்பாலும் வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. கொடுத்த பணம் போதாமல் கூரையை முடிக்கக் கடன்பட்டவர்களும் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கத்தில் கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஓட்டுவீடு, அனுமதிப்பத்திரக் காணி, லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. காணியோ குளத்து நீர் பாயாத மேட்டுக்காணி. நுண்கடன் தவணை கிழமைதோறும் வாசலுக்கு வருகிறது. வருமானம் களை பிடுங்கும் கூலி மட்டுமே. படிவத்தில் அவர் வசதியுள்ளவர், அடுப்படியில் அல்லர். படிவத்தை நிரப்பிய உத்தியோகத்தர் பொய் எழுதவில்லை. அளவுகோலே இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை.

தவறின் அளவை விளக்க ஒரு கற்பனைக் கிராமத்தைக் கொள்வோம். 200 குடும்பங்களில் 80 பசியில் வாடுகின்றன. பட்டியலில் உள்ள 100 குடும்பங்களில் 55 மட்டுமே அந்த 80 ஐச் சேர்ந்தவை. அதாவது பட்டியலில் 45 வீதம் தேவையற்ற சேர்ப்பு. பசித்தோரில் 25 குடும்பங்கள், ஏறத்தாழ 31 வீதம், விடுபட்டுள்ளன. எல்லோருக்கும் மாதம் 10 கிலோ கொடுத்தால் மேலதிகமாக 1,000 கிலோ தேவை. கிலோ 230 ரூபாய் எனக் கொண்டால் 2,30,000 ரூபாய். விடுபட்ட ஒரு குடும்பத்தை எட்ட 9,200 ரூபாய் செலவாகிறது. இது சிறு தொகையன்று; அதை மறைத்துவிட்டு எல்லோருக்கும் கொடுங்கள் என்று வாதிடுவது நேர்மையாகாது. ஆயினும் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திருத்துவதற்கும், மேன்முறையீடுகளை விசாரிப்பதற்கும், கூலியை விட்டுப் பிரதேச செயலகத்துக்கு அலையும் நாட்களுக்கும் ஆகும் செலவு எதிர்க்கணக்கில் எழுதப்படுவதேயில்லை.

மூன்றாவது பிழையொன்றும் உண்டு. அது யாருக்கு என்பதில் அல்ல, எப்போது என்பதில் நேர்கிறது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 10 கிலோ வீதம் இரண்டு மாதங்களுக்கு அரிசி வழங்கும் திட்டம், காலபோக நெல்லைக் கொள்வனவு செய்வதோடு இணைக்கப்பட்டிருந்தது. நெல்லுக்கு விலை தாங்க அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அறுவடை முடிந்த கையோடு கூலிக்காரர் வீட்டிலும் ஓரளவு நெல் இருக்கும். பசி கூடுவது கார்த்திகை முதல் தை வரை: விதைப்பு முடிந்து, மழையால் கூலிவேலை குறைந்து, சந்தையில் அரிசி விலை ஏறும் காலம். அறுவடையின்போது வாங்கிய நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து, குற்றி, அந்த மாதங்களில் கொடுக்கப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களால் முடியும். களஞ்சியங்கள் திருத்தப்பட வேண்டும், ஈரப்பதம் அளக்கும் கருவி வேண்டும், அவ்வளவே.

எனவே நீர்ப்பாசனமற்ற கிராம அலுவலர் பிரிவுகளில், கார்த்திகை முதல் தை வரையான மூன்று மாதங்களுக்கு மட்டும், நிரந்தரச் சம்பளம் பெறும் அரச ஊழியர் குடும்பங்களைத் தவிர ஏனைய அனைவருக்கும் அரிசி வழங்குமாறு பரிந்துரைக்கிறோம். குளத்து நீர் பாயும் பிரிவுகளில் தற்போதைய பட்டியலே தொடரலாம். அங்கு வீட்டுத்திட்ட வீட்டையும் லீசிங் வாகனத்தையும் புள்ளியிடலில் இருந்து நீக்க வேண்டும். விநியோக நாளன்று பெறுபவர் கண்முன்னே அரிசியை நிறுத்துக் காட்டுவதும், அரிசி பெற்றவர்களின் பெயர்ப்பட்டியலைக் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டுவதும் இரண்டு வகைப் பிரிவுகளுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.