வீட்டுப்பாடம்: நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு டியூஷன் ஆசிரியையின் குறிப்பு

போன வாரம் ஒரு மாணவியின் வீட்டுப்பாட நோட்டில் 503 - 278 = 225 என்று அழகாக எழுதியிருந்தது. அதே கணக்கை இங்கே பலகையில் போடச் சொன்னேன். 375 என்றாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். நோட்டிலேயே இந்தத் தவறு இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

உங்கள் நிலைமை புரிகிறது. ராத்திரி ஒன்பது மணி, பிள்ளைக்குத் தூக்கம், விடையைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் பென்சில் பிள்ளை கையிலேயே இருக்கட்டும்.

இந்தக் கணக்குக்கு ஐந்து நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் வையுங்கள். (காகிதத் துண்டில் எழுதினாலே போதும்.) “கடைக்காரருக்கு 278 கொடு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சில்லறை வேண்டும் என்று பிள்ளையே கேட்கும். அப்போது ஒரு நூறைப் பத்து பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாய்களாகவும் மாற்றிக் கொடுங்கள். கழித்தலில் ‘கடன் வாங்குவது’ இதுதான் என்று கண்ணால் பார்த்துவிடும்.

தமிழ்க் கட்டுரை என்றால் வாக்கியம் சொல்லித்தராதீர்கள். “சந்தையில் என்ன வாசனை வந்தது?” என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதட்டும். எழுத்துப்பிழைக்கு, “இந்த வரியில் ஒன்று இருக்கு, தேடு” போதும்.

இருபது நிமிடம் முயன்றும் வரவில்லையா? சரி, நிறுத்திவிடுங்கள். ஓரத்தில் “இதுவரை தானே செய்தது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.