தோட்டப்பாளையம் பூக்கட்டு: மாலை, சரம், பூஜைக்கட்டு அளவு, விலை, ஆர்டர் நேரம்

காலைப் பூ வேண்டுமா, முந்தின நாள் ராத்திரி 8.30 மணிக்குள் சொல்லிவிடுங்கள். சாயங்காலப் பூ வேண்டுமா, அன்று காலை 9 மணிக்குள். மற்றதெல்லாம் கீழே இருக்கிறது. முதல் தடவை வாங்குகிறவர்கள் முழம், மாலை அளவு இரண்டு பகுதியையாவது படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

*ஆர்டர் கடைசி நேரம்*

காலை டெலிவரி (5.45 முதல் 7.30 வரை): முந்தின நாள் இரவு 8.30
சாயங்கால டெலிவரி (3.30 முதல் 5.30 வரை): அன்று காலை 9.00
3 அடிக்கு மேற்பட்ட எந்த மாலையும்: முந்தின நாள் பகல் 2.00
அருகம்புல், வில்வம், வெள்ளெருக்கு மாலை: முந்தின நாள் பகல் 12.00
கல்யாண மாலை, மண்டபத் தோரணம்: 4 நாள் முன்பு, பாதி முன்பணத்துடன்

8.30 என்பது சும்மா போட்ட நேரமில்லை. பூ எடுக்கிறவர் விடியற்காலை 3.30க்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்று ராத்திரியே கணக்குப் போட்டு, வாழைநாரைக் கிழித்து நனைத்து வைத்தால்தான் 4.15க்குக் கட்ட உட்கார முடியும். கட்டுகிறவர்கள் நாலு பேர். நெருக்கக்கட்டு என்றால் ஒருவருக்கு மணிக்கு 12 முழம். 5.30க்குள் மொத்தம் 60 முழம்தான் தேறும். அது நிரம்பிவிட்டால் 8.30க்கு முன்பே 'நாளை காலை நிறைந்தது' என்று ஸ்டேட்டஸ் போடுவோம். அதற்கப்புறம் உதிரிப்பூ மட்டும் கிடைக்கும்.

*காலையில் மல்லி ஏன் தருவதில்லை*

நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது. மல்லி மொட்டை விடியலில் பறிப்பார்கள். அது மார்க்கெட்டுக்கு வந்து இறங்க 7, 8 மணி ஆகிவிடும். காலை 6 மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒரு மல்லிச்சரம் வருகிறதென்றால் அது நேற்றைய பூ. ராத்திரியே மலர்ந்து, மணமும் பாதி போயிருக்கும். அதனால் எங்களிடம் மல்லி, முல்லை, ஜாதிமல்லி மூன்றும் சாயங்கால டெலிவரியில் மட்டும். மொட்டாகத்தான் வரும். கைக்கு வரும்போதே வாய் திறந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெள்ளி காலைப் பூஜைக்கு மல்லி சாத்தியே ஆக வேண்டும் என்பவர்கள் வியாழன் சாயங்காலமே வாங்கி, கீழே சொன்னபடி வைத்துக்கொள்ளலாம்.

சாமந்தி, அரளி, சம்பங்கி, கனகாம்பரம் முந்தின நாளே பறித்து ராத்திரியில் வந்து இறங்குகிறவை. காலைப் பூஜைக்கு அவைதான் சரி.

*முழம் என்றால் எவ்வளவு*

எங்கள் முழம் 45 செ.மீ. முழங்கையால் அளப்பதில்லை, மரச்சட்டத்தில் வைத்து வெட்டுகிறோம். ஆளுக்கொரு கை இருக்கிறதே, பூ விலை ஏறுகிற நாளில் கையும் குட்டையாகிவிடும்! நீளத்தைவிட முக்கியம் கட்டின் நெருக்கம். மல்லியில் நெருக்கக்கட்டு 1 முழத்துக்குச் சுமார் 40 கிராம் மொட்டு பிடிக்கும். சாதாக்கட்டில் 20 முதல் 25 கிராம்தான். விலை குறைவு என்று யாராவது சொன்னால் நீளத்தோடு எடையையும் கேளுங்கள். தலைக்கு வைக்க நெருக்கக்கட்டு நன்றாக இருக்கும், சாமி படத்துக்குச் சாதாக்கட்டே போதும்.

எல்லாம் வாழைநாரில்தான். தலைக்குக் கனகாம்பரம் மட்டும் கேட்டால் நூலில் கட்டுவோம். நார் காய்ந்தால் ஒடியும், நூல் ஒடியாது.

*சரம்: பூ, விலை, எவ்வளவு நேரம் தாங்கும்*

நேரமெல்லாம் உங்கள் கைக்கு வந்ததிலிருந்து, நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் வைத்தால். சித்திரை, வைகாசியில் கால்வாசி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலுக்கு எந்தப் பூவும் விலக்கில்லை.

மல்லி: 6, 7 மணி வாக்கில் மலரும், மறுநாள் காலை வரை. விலை தினமும் காலை 8.15க்கு ஸ்டேட்டஸில்.
முல்லை: அதே மாதிரி, ஆனால் மறுநாள் காலைக்குள் ஓரம் பழுக்கத் தொடங்கும். விலை ஸ்டேட்டஸில்.
ஜாதிமல்லி: அன்றைய ராத்திரிக்கு மட்டும். மறுநாளுக்கு என்று வாங்காதீர்கள்.
கனகாம்பரம்: 2 நாள். முழம் ₹45. மணம் கிடையாது, நிறத்துக்காகத்தான்.
சாமந்தி, மஞ்சள் அல்லது வெள்ளை: 2 நாள். முழம் ₹35.
கதம்பம் (சாமந்தி, சம்பங்கி, மரிக்கொழுந்து, கனகாம்பரம்): 1 நாள். முழம் ₹40. இதில் முதலில் வாடுவது சம்பங்கி.
செவ்வரளி: 18 மணி நேரம். முழம் ₹25.
துளசி: 24 மணி நேரம். முழம் ₹20.

மல்லிக்கு 8.15 முதல் 9 மணி வரை முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று குறைப்படுகிறார்கள். தினம் வாங்குகிறவர்கள் ஒரு வரம்பு சொல்லிவைக்கலாம்: 'முழம் ₹60 வரை என்றால் மல்லி, மீறினால் முல்லை, அதுவும் மீறினால் சாமந்தி'. அதற்குமேல் நாங்கள் கேட்கவே மாட்டோம். கார்த்திகை முதல் தை வரை பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறும். அந்த மாதங்களில் காக்கடாவை மல்லி என்று கலந்து கட்டுவது ஊரில் நடக்கிறது. பார்க்க வெள்ளையாக அழகாக இருக்கும், மூக்கில் வைத்தால் ஒன்றும் இருக்காது. எங்களிடம் காக்கடா கேட்டால் காக்கடா என்றே பில் வரும், விலையும் தனி.

*மாலை அளவு சொல்லும் முறை*

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். '3 அடி மாலை' என்பார்கள். சிலர் மனதில் இருப்பது விரித்த நீளம், சிலருக்குத் தொங்கும் நீளம். விரித்தால் 6 அடி இருப்பதுதான் தொங்கினால் 3 அடி. நாங்கள் எப்போதும் விரித்த நீளமே எழுதுகிறோம். படத்துக்குக் கணக்கு எளிது: மேல் அகலத்தோடு இரண்டு பக்க உயரத்தையும் கூட்டுங்கள். 12 அங்குல அகலம், 18 அங்குல உயரமுள்ள படத்துக்கு 12+18+18, அதாவது 48 அங்குலம், 4 அடி. சந்தேகம் இருந்தால் ஒரு நூலைப் படத்தின்மேல் போட்டு அளந்து அந்த நீளத்தை அனுப்புங்கள். போட்டோ அனுப்பினால் அளவு தெரியாது.

நிலைவாசலுக்கு: 3 அடி அகல வாசலென்றால் நடுவில் வளைவுக்கு 4 அடி, இருபுறமும் தொங்க ஒன்றரை அடி வீதம், ஆக 7 அடி. பைக்குக்கு 3 அடி, காருக்கு 6 அடி, லாரிக்கு 10 அடி.

சாமந்தி மாலை, அடி ₹45
செண்டுமல்லித் தோரணம், அடி ₹30
சம்பங்கி மாலை, ரோஜாக் குஞ்சத்துடன், அடி ₹90
துளசி மாலை, அடி ₹30
அருகம்புல் மாலை, அடி ₹40
பன்னீர் ரோஜா மாலை, அடி ₹120

பன்னீர் ரோஜாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 10 மணி நேரத்தில் இதழ் கொட்டும். காலையில் வாங்கி ராத்திரி வரவேற்புக்குப் போடலாம் என்று நினைக்காதீர்கள். கல்யாண மாலையில் நாங்கள் ஓசூர்ப் பக்கத்து ரோஜாவைத்தான் போடுகிறோம். மணம் குறைவு, ஆனால் மேடையில் உதிராது.

*பூஜைக்கட்டுகள்*

தினக்கட்டு, ₹35: உதிரி சாமந்தி 50 கிராம், அரளி 30 கிராம், துளசி ஒரு கைப்பிடி. மாதம் முழுக்க எடுத்தால் ₹950. ஊருக்குப் போகும் நாளை முந்தின இரவு 8.30க்குள் சொன்னால் கணக்கில் கழியும்.

வெள்ளிக்கட்டு, ₹140: கதம்பம் 2 முழம், உதிரி ரோஜா 100 கிராம், தாமரை 1. தாமரை மொட்டாக வரும், இதழை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வையுங்கள். வலிந்து விரித்தால் கறுத்துவிடும்.

பிரதோஷக்கட்டு, ₹110: வில்வம் 50 கிராம், நந்திக்கு 2 அடி அருகம்புல் மாலை, வெள்ளை அரளி 50 கிராம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு 3.30க்கே முதல் நடையில் தந்துவிடுவோம். பிரதோஷம் திங்களில் வந்தால் வில்வத்தை ஞாயிறே பறித்துவிடுவோம், திங்களன்று பறிப்பதில்லை என்பது முறை. வாடியிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், வில்வம் ஈரத்துணியில் 3 நாள் தாங்கும்.

கிருத்திகைக்கட்டு, ₹120: செவ்வரளி 3 முழம், விருட்சி 50 கிராம். ஆடிக்கிருத்திகைக்கு மட்டும் 3 நாள் முன்பே சொல்லுங்கள். ரத்தினகிரிக்கும் திருத்தணிக்கும் போகிற கூட்டத்தில் அரளியே கண்ணில் படாது. ஆயுத பூஜைக்கும் அப்படியே.

*வீட்டில் எப்படி வைப்பது*

பிளாஸ்டிக் கவரை வந்தவுடன் அவிழ்த்துவிடுங்கள். உள்ளே வேர்த்து, ஒரு மணி நேரத்தில் பூ வெந்துவிடும். எங்களுக்கு வரும் புகாரில் பெரும்பங்கு இதுதான், அதனால் வாழையிலைப் பொதியில்தான் தருகிறோம். மல்லிமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது, பட்ட இடமெல்லாம் பழுப்பாகும். இலையோடு எவர்சில்வர் டப்பாவில் மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பக்கத்தில் வாழைப்பழமோ ஆப்பிளோ வேண்டாம், பழுக்கும் பழத்தின் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும். சாமந்திக்கு லேசாகத் தெளித்து உதறலாம். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம், தண்ணீர் உள்ளே நின்று காம்புப் பக்கம் அழுகும்.

*மாற்றித் தருவது*

வந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டோவோடு சொல்லுங்கள். நீளம் ஒரு அங்குலத்துக்கு மேல் குறைந்தாலோ, ஓரம் பழுத்த பூ வந்தாலோ, மல்லி மலர்ந்து வந்தாலோ, பணம் திரும்பும் அல்லது அடுத்த நடையில் புதுப்பூ. சொன்ன பூ மார்க்கெட்டுக்கு வராவிட்டால் கேட்காமல் வேறு பூ கட்ட மாட்டோம். விலையை ஒப்புக்கொண்டபின் மார்க்கெட்டில் ஏறினால் அந்த நட்டம் எங்களுடையது.

*டெலிவரி*

தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, வேலப்பாடி, சைதாப்பேட்டை: ₹100க்கு மேல் இலவசம், குறைந்தால் ₹10. சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம்: ₹20. விருதம்பட்டு, காட்பாடி காந்திநகர்: ₹25, பாலாற்றுப் பாலம் தாண்ட வேண்டியிருப்பதால் காலையில் 6.30க்கு முன்பு வராது.

ஆர்டரை இதே வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜில் முழமும் அடியும் குழம்புகிறது. இந்த மாதிரி போதும்: 'வெள்ளி காலை, வெள்ளிக்கட்டு 1, சாமந்தி மாலை 4 அடி விரித்து 1, சத்துவாச்சாரி, 6.30க்குள்.' 'சரி' என்று எங்கள் பதில் வந்தால்தான் ஆர்டர் ஏறியது, நீல டிக் மட்டும் கணக்கில்லை.

அரளி கலந்த பழைய மாலையை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், அது விஷம். குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிய பூவைத் தினக்கட்டு கொண்டுவருகிற பையனிடமே கொடுத்துவிடலாம், உரக்குழிக்கு எடுத்துக்கொள்கிறோம்.