பிளாஸ்மா ஆய்வின் முடிவு: பங்கேற்றவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் எளிய விளக்கம்

ஜூலை 2021

வணக்கம். 2020-இல் எங்கள் மருத்துவமனையின் கொரோனா வார்டில் சேர்ந்து, பிளாஸ்மா ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உங்களுக்கும், உங்கள் சார்பில் கையெழுத்துப் போட்ட வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நான் இங்கே ஆய்வு ஒருங்கிணைப்பாளர். போன சனிக்கிழமை கூட்டத்தில் டாக்டர்கள் காட்டிய ஸ்லைடுகள் ஆங்கிலத்தில், எண்களும் கோடுகளுமாக இருந்தன. முடிந்து வெளியே வரும்போது "சரிம்மா, கடைசியில வேலை செஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கும், வர முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம். அந்த ஸ்லைடுகளையும் இதோடு இணைத்திருக்கிறோம், பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மா ஏற்றியதால் நோய் முற்றுவதோ உயிரிழப்போ குறையவில்லை. ஏற்றிக்கொண்டவர்களும் ஏற்றிக்கொள்ளாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமானார்கள், ஒரே அளவில்தான் இறந்தார்கள்.

முதல் இரண்டு ஸ்லைடுகள்: என்ன ஆய்வு, எதற்காக

ஆய்வின் பெயர் பிளாசிட். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது. 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, நாடு முழுக்க 39 அரசு, தனியார் மருத்துவமனைகளில் 464 பேர் சேர்ந்தார்கள். ஸ்லைடின் அடியில் இருக்கும் CTRI/2020/04/024775 என்பது அரசுப் பதிவேட்டில் இந்த ஆய்வின் பதிவு எண்.

ரத்தத்திலிருந்து சிவப்பணு, வெள்ளையணு எல்லாவற்றையும் பிரித்த பிறகு மிஞ்சும் மஞ்சள் நிறத் திரவம்தான் பிளாஸ்மா. கொரோனா வந்து குணமானவரின் பிளாஸ்மாவில் அந்தக் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருக்கும். அதை எடுத்து நோயோடு போராடுகிறவருக்கு ஏற்றினால் உதவுமா என்பதுதான் கேள்வி. கேட்க நியாயமாக இருக்கிறது, நூறு வருடமாக வேறு நோய்களுக்கும் செய்து பார்த்த யோசனைதான். ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் பலித்துவிடாது, அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது ஸ்லைடு: யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை

உங்களில் பலர் மனதில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

464 பேரில் 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நாங்களும் முடிவு செய்யவில்லை, கம்ப்யூட்டர் உருவாக்கிய வரிசைப்படி வந்தது. வசதி, சிபாரிசு, வயது, நோயின் கடுமை எதையும் பார்த்துப் பிரிக்கவில்லை. அப்படிப் பிரித்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஆட்கள் இருப்பார்கள். இல்லையென்றால் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் பிளாஸ்மா போய்ச் சேர்ந்து, அவர்கள் பிழைத்ததை பிளாஸ்மாவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

பிளாஸ்மா பக்கம் வந்தவர்களுக்கு 200 மில்லி வீதம் இரண்டு முறை, 24 மணி நேர இடைவெளியில் ஏற்றினோம், முடிந்தவரை இரண்டு வெவ்வேறு கொடையாளர்களிடமிருந்து. ஆக்சிஜன், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் என்று அந்த நேரத்தில் வார்டில் கொடுத்த மற்ற சிகிச்சை இரண்டு பக்கத்துக்கும் உண்டு. பிளாஸ்மா கிடைக்காத பக்கம் என்றால் சிகிச்சையே கிடைக்காத பக்கம் என்று அர்த்தமில்லை.

சேர்ந்தவர்கள் எல்லோரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆக்சிஜன் அளவு குறைந்திருந்தது, ஆனால் நிலைமை கைமீறிப் போகவில்லை, அப்படி நடுத்தர நிலையில் இருந்தவர்கள்.

ஐந்தாவது ஸ்லைடு: முக்கியமான பட்டியல்

சேர்ந்த நாளிலிருந்து 28 நாட்கள் ஒவ்வொருவரையும் கவனித்தோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் வீட்டுக்கு போன் செய்துகொண்டே இருந்தோமே, அது இதற்காகத்தான். அந்த 28 நாளுக்குள் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஆய்வின் பிரதானக் கேள்வி.

பிளாஸ்மா ஏற்றிய 235 பேரில் 44 பேர், அதாவது நூற்றுக்கு 19. ஏற்றாத 229 பேரில் 41 பேர், நூற்றுக்கு 18.

இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பிளாஸ்மா பக்கம் 34 பேர், நூற்றுக்கு 15. மறுபக்கம் 31 பேர், நூற்றுக்கு 14.

"அப்படியானால் பிளாஸ்மா ஏற்றினதாலதான் ஒருத்தர் கூடப் போனாங்களா?" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். இல்லை. இரண்டு ஆட்கள் ஆளுக்கு நூறு முறை காசைச் சுண்டினால் ஒருவருக்கு 52 தலை விழும், இன்னொருவருக்கு 49 விழும், காசு ஒரே காசுதான். நூற்றுக்கு ஒன்று என்ற வித்தியாசம் அந்த மாதிரித் தற்செயலாகவே வரக்கூடியது. நோய் முற்றியவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்த முதல் கணக்குக்கு ஸ்லைடில் அடைப்புக்குறிக்குள் –0.062 முதல் 0.078 வரை என்று இருந்ததல்லவா, அது சொல்வதும் இதைத்தான்: உண்மையான வித்தியாசம் நூற்றுக்கு 6 பேர் குறைவு என்பதிலிருந்து 8 பேர் அதிகம் என்பது வரை எங்கேயும் இருக்கலாம். பூஜ்யம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த ஆய்வை வைத்து பிளாஸ்மா காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது, கெடுத்தது என்றும் சொல்ல முடியாது. சின்னப் பலன் ஏதாவது ஒளிந்திருந்தால் 464 பேரில் அது தெரியாமல் போயிருக்கலாம் என்பதும் உண்மை. அதற்குப் பெரிய ஆய்வு ஒன்று பதில் சொல்லியிருக்கிறது, கீழே வருகிறேன்.

ஆறாவது ஸ்லைடு: பச்சை நிறத்தில் இருந்த வரிகள்

ஏழாவது நாளில் மூச்சுத்திணறல் நீங்கியவர்கள் பிளாஸ்மா பக்கம் நூற்றுக்கு 76, மறுபக்கம் 66. களைப்பும் அப்படியே, பிளாஸ்மா பக்கம் கூடுதல் பேருக்கு நீங்கியது. கொரோனா பரிசோதனை நெகட்டிவ் ஆனவர்களும் ஏழாவது நாளில் பிளாஸ்மா பக்கம்தான் அதிகம். இதைப் பார்த்துவிட்டு "கொஞ்சமாவது வேலை செஞ்சிருக்கே" என்று சிலர் சொன்னீர்கள்.

இதை நாங்கள் மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் விரும்பவில்லை. பிளாஸ்மா ஏறுகிறதா இல்லையா என்பது நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், மஞ்சள் பை கண் முன்னால் தொங்குகிறது. ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது என்று தெரிந்தவர் "இப்ப பரவாயில்லை" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். பரிசோதனை நெகட்டிவ் ஆவது மனநிலையைப் பொறுத்ததல்ல, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கிருமி சீக்கிரம் போனதால் ஆட்கள் பிழைத்தார்களா என்று பார்த்தால், முந்தைய ஸ்லைடில் அப்படித் தெரியவில்லை.

ஏழாவது ஸ்லைடு: ஏன் பலிக்கவில்லை

ஒரு காரணம் தெளிவாகவே தெரிகிறது. சேர்ந்த அன்றே உங்களிடம் எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, நூற்றில் 83 பேர் உடம்பில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகியிருந்தது. அதுவும் கொடையாளர்களிடம் இருந்ததைவிட உங்களிடம் பொதுவாக அதிகமாகவே இருந்தது. உங்கள் உடம்பு தானே செய்துகொண்டதைவிடக் குறைவானதை வெளியிலிருந்து கொடுத்திருக்கிறோம். அப்போது ஆன்டிபாடி அளவைப் பார்த்துவிட்டு ஏற்றும் வசதி இல்லை, சேமித்து வைத்த மாதிரிகளைப் பின்னால்தான் சோதித்தார்கள். அளவு நன்றாக இருந்த பிளாஸ்மா கிடைத்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

எட்டாவது ஸ்லைடு: பக்க விளைவுகள்

சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, குளிர், குமட்டல், தலைச்சுற்றல், காய்ச்சல், படபடப்பு வந்தது. மூன்று இறப்புகளில் பிளாஸ்மாவுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று டாக்டர்கள் குறித்திருக்கிறார்கள். இருந்தது என்று உறுதியாகச் சொல்லவில்லை, இல்லை என்றும் தள்ளவில்லை. உங்கள் வீட்டில் ஒருவரை இழந்திருந்து, அவருடைய விவரம் தெரிய வேண்டும் என்றால் நேரில் வாருங்கள். கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரே உட்கார்ந்து பேசுவார்.

அதற்கப்புறம் நடந்தது

முடிவு 2020 அக்டோபரில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. பிரிட்டனில் ரெகவரி என்ற ஆய்வில் 11,000 பேருக்கு மேல் இதே கேள்வியைச் சோதித்தார்கள். அங்கேயும் பிளாஸ்மா ஏற்றியவர்களில் நூற்றுக்கு 24, ஏற்றாதவர்களில் நூற்றுக்கு 24 பேர் 28 நாளில் இறந்தார்கள், ஒரு இம்மி வித்தியாசமில்லை. 2021 மே மாதம் இந்திய அரசின் கொரோனா சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். உங்கள் 464 பேரின் கணக்கும் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கிறது. அதே ரெகவரி ஆய்வுதான் விலை குறைந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜனில் இருக்கும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020 ஜூனில் காட்டியது. எது பலிக்கும், எது பலிக்காது என்று இரண்டையும் கண்டுபிடிக்க இந்த மாதிரிச் சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிளாஸ்மா கிடைக்காத பக்கம் வந்து ஆளை இழந்த குடும்பங்கள் சில, "அன்னிக்கு எப்படியாவது ஒரு டோனரைப் பிடிச்சிருந்தா அப்பா இருந்திருப்பார்" என்று இன்றும் சொல்கிறீர்கள். ராத்திரி முழுக்க வாட்ஸ்அப்பில் ரத்த வகை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை, அந்த அவஸ்தை எங்களுக்கும் தெரியும். இந்த ஸ்லைடுகளில் உங்களுக்காக இருக்கும் செய்தி இதுதான்: கிடைத்திருந்தாலும் அதனால் அவர் பிழைத்திருப்பார் என்று எந்தக் கணக்கும் காட்டவில்லை. நீங்கள் செய்யத் தவறியது எதுவும் இல்லை.

இந்த ஆய்வு சொல்லாதவையும் உண்டு. லேசான கொரோனா வந்து வீட்டிலேயே இருந்தவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் இதில் சேரவில்லை, அவர்களைப் பற்றி இதை வைத்துப் பேச முடியாது. விபத்திலோ பிரசவத்திலோ டெங்குவிலோ டாக்டர் பிளாஸ்மா வேண்டும் என்று சொன்னால் அது வேறு தேவை, இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ரத்த தானத்தையும் நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் பெயர் எந்த ஸ்லைடிலும் கட்டுரையிலும் இல்லை, எண்ணாக மட்டுமே இருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள், உங்கள் ஆன்டிபாடி அளவு என்ன என்று தெரிய வேண்டுமானால் ஒப்புதல் படிவத்தின் நகலோடு வாருங்கள், தொலைந்திருந்தால் ஆதார் போதும். ஆய்வு அறை ரத்த வங்கிக்கு எதிரே, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை திறந்திருக்கும். படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.